நாற்பது பிள்ளைகளும் ஓர் உலகப்படமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சிறுகதையைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அது எப்படிக் கட்டப்படுகிறது என்று உங்கள் முன் வைப்பது பயனுள்ளதாக இருக்கும் என்று நினைத்தேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை அது. கதைக்கரு எளிது. ஒரு கிராமப் பள்ளி ஆசிரியை தன் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, அவர்களையே உலகப்படம் ஆக்குகிறாள். இதைக் கேட்டவர்கள் எல்லாரும் "அருமையான படிமம்" என்றார்கள். அந்தப் பாராட்டுத்தான் எனக்குக் கவலை தந்தது. படிமம் என்ற அளவில் இது ஒரு வரிக் கவிதைக்குப் போதும், கதைக்குப் போதாது. எந்தப் பிள்ளை எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது, எத்தனை பேர் எந்தக் கண்டத்துக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இதற்குள் ஒரு கதை இருப்பது எனக்குத் தெரிந்தது.

கதை நடக்கும் பள்ளியை நகரிப் பக்கம் ஓர் ஊரில் வைத்திருக்கிறேன். 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது, ஆந்திரப் பக்கம் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். பிள்ளைகள் நாற்பது பேர். இன்னோர் ஆசிரியர் மாற்றலில் போய்விட்டதால் இப்போதைக்கு டீச்சர் ஒருத்திதான். ஆறு வயதும் பத்து வயதும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். சித்தூர் மாவட்டத்தில் இது புதுமையான நிலைமை அல்ல. மதுராந்தகம் ராஜாராம் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே தெலுங்கில் கதை எழுதி, தம் சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். இந்த மண்ணில் பள்ளிக்கூடத்தை வைத்துக் கதை எழுத உட்காரும் யாரும் அவருக்குப் பின்னால்தான் உட்காருகிறார்கள்.

ஒரே அறையில் ஐந்து வகுப்பு என்பதை ஒரு குறையாக மட்டும் பார்க்காமல், அதையே கற்பிக்கும் முறையாக மாற்றிக் காட்டியவர்களும் பழைய சித்தூர் மாவட்டத்துக்காரர்கள்தான். மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலிப் பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு சேர்த்து உலகம் அறிந்த உறைவிடப் பள்ளி. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அவர்கள் நடத்திய சின்னச் சின்னப் பள்ளிகளில் பத்மநாப ராவும் ரமாவும் பாடப்புத்தகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். அட்டைகளை ஓர் ஏணியில் அடுக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று தன் வேகத்தில் ஏறும். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதைச் சென்னையில் தொடங்கிவைத்தார். அதுவே சில ஆண்டுகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ரிஷிவேலிக்காரர்கள் மெட்ரிக் மேளா என்றும் ஒன்று நடத்துவார்கள். பிள்ளைகள் கடை போட்டு உட்கார்ந்து, வரும் ஊர்க்காரர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து சொல்லும் திருவிழா அது. என் கதையின் டீச்சர் அந்த மேளாவைப் பார்த்தவள் என்று வைத்துக்கொண்டேன். அளப்பதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே அவள் படத்தைத் தானே வரையவில்லை. முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் போய் நிற்கும் வேலை மட்டும். மூன்றும் நான்கும் கயிறு பிடித்து அளக்கும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்குப் போடும். ஒரே பாடத்தில் ஐந்து வகுப்புக்கும் வேலை.

இப்போது மைதானத்துக்கு வாருங்கள். பூமியைச் சுற்றித் தீர்க்கரேகை 360 பாகை. துருவத்திலிருந்து துருவம் வரை அட்சரேகை 180 பாகை. பத்துப் பாகைக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 36 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். கபடி ஆடும் இடமும் அதை ஒட்டிய களமும் சேர்ந்தால் போதும். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. மூலை செங்கோணமாக இருக்க 3, 4, 5 மீட்டரில் ஒரு முக்கோணம் கட்டி இழுக்க வேண்டும். நடுவில் குறுக்கே பூமத்திய ரேகை, நெடுக்கே கிரீன்விச் ரேகை, இரண்டும் கோலமாவில். இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து கிழக்கே எட்டு மீட்டருக்கு இரண்டு விரற்கடை குறைவு, வடக்கே ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். அங்கேதான் அவர்கள் ஊர். இடம் சிறியதாக இருக்கும் பள்ளியில் எல்லாவற்றையும் பாதியாக்கலாம். ஆனால் அப்போது இந்தியா ஒன்றரை மீட்டருக்குள் சுருங்கிவிடும். கதையின் பின்பகுதிக்கு அந்த இடம் போதாது.

இந்தப் படத்தில் ஒரு பொய் உண்டு. வடக்கு ஓரத்துக் கோடு 36 மீட்டர் நீளம். ஆனால் பூமியில் அது வடதுருவம் என்ற ஒரே ஒரு புள்ளி. பூமத்திய ரேகையில் கிழக்கு மேற்காக ஒரு மீட்டர் என்பது சுமார் 1,113 கிலோமீட்டர். சைபீரியாவுக்கு மேலே போகப் போக அதே ஒரு மீட்டர் அதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். இதை டீச்சர் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. வடக்கே போய் நிற்கிறவர்களிடம், "உங்க ஊரு நெஜத்துல இவ்ளோ அகலம் இல்ல" என்று சொல்லியே அனுப்புகிறாள்.

வடக்கு எது என்பது அடுத்த பிரச்சினை. இங்கேதான் எழுத்தாளன் எளிதாகத் தவறிவிடக்கூடிய இடம் இருக்கிறது. ஒரு குச்சியை நட்டு, நண்பகல் நிழல் காட்டும் திசை வடக்கு என்று எழுதிவிடத் தோன்றும். பாடப்புத்தகத்தில் படித்தது அப்படி. ஆனால் கதை ஜூலை மாதத்தில் நடக்கிறது. நகரி பதின்மூன்று பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூலை நடுவில் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி ஒரு சாணுக்கும் குறைவாக விழும். அந்த நண்பகலும் கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கு வராது. இந்திய நேரம் 82½ பாகை கிழக்கை வைத்துக் கணக்கிடப்படுவதால் நாம் பன்னிரண்டு நிமிடம் பின்தங்குகிறோம். ஜூலையில் சூரியனே ஆறு நிமிடம் தாமதம். ஆக 12.18. பன்னிரண்டு மணிக்குக் குச்சியைப் பார்த்து, நிழல் விழுந்த பக்கம் வடக்கு என்று கோடு போட்டால் உலகம் தலைகீழாகிவிடும். குவைத் இருக்கவேண்டிய இடத்தில் தென் அட்லாண்டிக் கடல் வந்து நிற்கும்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. சிற்பிகள் கோயிலுக்கு மனை கோலும்போது சங்கு நட்டுத் திசை காண்பார்களே, அதேதான். குச்சியைச் சுற்றி அரை மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். காலையில் நிழல் குறுகிக்கொண்டே வந்து, நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல். மாலைப்பக்கம் நிழல் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு கல். ஜூலையில் இவை சுமார் பத்தரை மணிக்கும் இரண்டு மணிக்கும் நடக்கும். இரண்டு கல்லையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. கடிகாரமும் வேண்டாம், சூரியன் எந்தப் பக்கம் என்ற குழப்பமும் வேண்டாம். பத்தரைக்கு வைத்த கல்லை யாரும் உதைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. கதையில் அந்தக் காவலை ஒரு பையனுக்குக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பு. அம்மா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறாள். பையன் பாட்டியிடம் வளர்கிறான். கடப்பை, ராயசோட்டி, சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை டீச்சர் முதல் விசிலை ஊதுகிறாள். முதல் விசில் நிலத்துக்கு. அண்டார்க்டிகாவை விட்டுவிட்டால் உலகத்தின் நிலப்பரப்பு சுமார் பதின்மூன்றரைக் கோடி சதுர கிலோமீட்டர். நாற்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு முப்பத்துமூன்று லட்சத்துச் சொச்சம். இந்தியாவின் பரப்பு முப்பத்துமூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளை ஓர் இந்தியா! இந்தக் கணக்கு வந்து விழுந்தபோது கதை எனக்குக் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆசியாவுக்குப் பதின்மூன்று பிள்ளைகள், ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது, வட அமெரிக்காவுக்கு ஏழு, தென் அமெரிக்காவுக்கு ஐந்து, ஐரோப்பாவுக்கு மூன்று, ஆஸ்திரேலியாவுக்கும் அதைச் சுற்றிய தீவுகளுக்கும் மூன்று. கூட்டினால் நாற்பது. ஆசியாவின் பதின்மூன்றில் நான்கு பேர் சைபீரியாவில் நிற்கிறார்கள். இந்தியாவில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் தனியாக நிற்கிறாள். "இவ்ளோதானா நம்ம நாடு?" என்று அவள் கேட்கிறாள். சுற்றிலும் எத்தனையோ கோலமாவுக் கோடு, நடுவில் அவள் ஒருத்தி.

இரண்டாம் விசில் மக்களுக்கு. உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிச் சற்று மேலே. நாற்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்குச் சுமார் 20 கோடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் போட்ட கணக்குப்படி ஆசியாவுக்கு இருபத்து நான்கு, ஆப்பிரிக்காவுக்கு ஏழு, ஐரோப்பாவுக்கு நான்கு, வட அமெரிக்காவுக்கு மூன்று, தென் அமெரிக்காவுக்கு இரண்டு. ஆஸ்திரேலியப் பக்கம் நான்கரைக் கோடிப் பேர்தான். கால் பிள்ளைகூட வராது.

விசில் ஊதியதும் மைதானமே கிழக்கு நோக்கி ஓடுகிறது. வட அமெரிக்காவிலிருந்து நான்கு பேர், தென் அமெரிக்காவிலிருந்து மூன்று பேர், ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு பேர், ஆஸ்திரேலியாவிலிருந்து மூன்று பேரும். சைபீரியாவிலிருந்த நால்வரும் தெற்கே இறங்குகிறார்கள். அவர்களில் ஒரு பையன் போக மறுக்கிறான். அங்கேதான் புங்கமரத்து நிழல் விழுந்திருந்தது. தனியாக நின்றிருந்த இந்தியச் சிறுமியின் இடத்தில் இப்போது ஏழு பேர். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இடத்தில் முட்டி மோதிக்கொண்டு, ஒருத்தன் காலை இன்னொருத்தன் மிதித்து, வாய்ச்சண்டையோடு நிற்கிறார்கள். சீனாவிலும் ஏழு பேர்தான். ஆனால் நிலத்துக்கு அங்கே மூன்று பிள்ளை இடம் இருந்ததால் கொஞ்சம் தாராளமாக நிற்கிறார்கள்.

எண்களை நான் அடுக்குவதாக நினைக்காதீர்கள். மக்கள்நெருக்கம் என்ற பாடத்தைச் சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். ஒருத்தியாக நின்றவள் ஏழு பேரில் ஒருத்தியாக நசுங்கும்போது அவளுக்கு வரும் கோபம் மறக்காது. கதைக்கும் அந்தக் கோபம் தேவை.

குவைத்துப் பையனும் அந்த ஏழு பேரில் ஒருவன். நிற்கிற இடத்திலிருந்து மேற்கே பார்க்கிறான். குவைத் எங்கே என்று அவனுக்குத் தெரியும். முந்தைய நாள் கயிறு பிடித்தபோதே அளந்து வைத்திருந்தான். கிழக்கே நான்கு மீட்டர் எண்பது, வடக்கே இரண்டு மீட்டர் தொண்ணூறு. அவன் நிற்கும் இடத்திலிருந்து மூன்றரை மீட்டர். நிஜத்தில் 3,700 கிலோமீட்டர் போல. ஓடினால் ஐந்தாறு எட்டு.

அவன் ஓடவில்லை. முதல் வரைவில் நான் அவனை ஓடவிட்டிருந்தேன். டீச்சர் கண் கலங்கி, "நில்லு கண்ணா, அங்கேயே நில்லு" என்று சொல்வதாகவும் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அந்தப் பத்தி எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு நேரம் கயிறு பிடித்து, வகுத்து, நியாயமாகப் பிரித்த படத்தை ஒரு சொட்டுக் கண்ணீருக்காகக் கலைத்துவிட்டால், மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளுக்கும் டீச்சர் செய்தது விளையாட்டு என்றாகிவிடும். அவன்மேல் அவளுக்கு இரக்கம் இருக்கலாம். அந்த இரக்கம் கணக்குக்குள்ளேயே வழி தேட வேண்டும் என்று நினைத்தேன். அதனால் அவனை ஓடவிடாமல் கேட்கவிட்டேன்.

"டீச்சர், எங்கம்மா எந்தப் புள்ளைக்குள்ள கீது?"

நல்ல கேள்வி. பெரியவர்களுக்கும் உடனே பதில் தெரியாத கேள்வி. ஒரு பிள்ளைக்குள் 20 கோடிப் பேர் என்றால் அவன் அம்மா யாருக்குள் இருக்கிறாள்? அவள் இந்தியக் குடிமகள். கடவுச்சீட்டு இந்தியாவினுடையது. ஆனால் உலக மக்கள்தொகைக் கணக்கில் ஒருவர் எந்த நாட்டில் வசிக்கிறாரோ அந்த நாட்டில்தான் எண்ணப்படுவார். குவைத்தில் வசிக்கும் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேரில் பத்து லட்சம் போல இந்தியர்கள். அவர்கள் குவைத்தின் கணக்கில் இருக்கிறார்கள். முட்டி மோதி நிற்கும் அந்த ஏழு பிள்ளைகளில் எவருக்குள்ளும் அவன் அம்மா இல்லை.

டீச்சர் இதை அவனிடம் அப்படியே சொல்கிறாள். "உங்கம்மா இந்த ஏழு பேருல இல்லடா. குவைத்துக் கணக்குல இருக்காங்க." குவைத்துக்கு எத்தனை பிள்ளை என்று ஐந்தாம் வகுப்புக்காரர்கள் வகுக்கிறார்கள். ஒரு பிள்ளையில் நாற்பதில் ஒரு பங்கு. ஒரு விரல்கூட இல்லை. பையன் தலை குனிந்துகொள்கிறான்.

இந்த இடத்தில் கதை முட்டுச்சந்தில் வந்து நின்றது. நான் அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு குவைத்தைச் சுற்றியிருக்கும் நாடுகளை எழுதத் தொடங்கினேன். டீச்சரும் அதையேதான் செய்கிறாள். மீதமிருக்கும் நாடுகளைச் சேர்த்து ஒரு முழுப் பிள்ளை ஆக்குவது காலையிலேயே அவர்கள் பழகிய வேலை. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படித்தான் செய்தார்கள். கரும்பலகையில் ஈராக் என்று எழுதி, பக்கத்தில் நான்கரைக் கோடி போடுகிறாள். ஏமன் நான்கு கோடி. சவூதி மூன்றரைக்குச் சற்றுக் குறைவு. சிரியா இரண்டரை. ஜோர்டான், ஐக்கிய அரபு அமீரகம், இஸ்ரேல் ஏறக்குறைய ஒவ்வொரு கோடி. லெபனான், பாலஸ்தீனம், ஓமன், குவைத் ஒவ்வொன்றும் அரைக் கோடி அளவில். கத்தார், பஹ்ரைன் இரண்டும் சேர்ந்து அரைக் கோடி. பிள்ளைகள் வாய்விட்டுக் கூட்டுகிறார்கள். பதின்மூன்று நாடுகள். கூட்டுத்தொகை 20 கோடியை ஒட்டி நிற்கிறது. துருக்கியும் ஈரானும் தனியாக இருக்கட்டும். தங்களுக்குள் எல்லைச் சண்டை, எண்ணெய்ச் சண்டை, மதச் சண்டை என்று செய்தித்தாளை நிரப்பும் அந்தப் பதின்மூன்று நாடுகளும் சேர்ந்தால் சரியாக ஒரே ஒரு பிள்ளை.

இந்தத் தற்செயலை நான் கற்பனை செய்யவில்லை. இன்று இரவு நீங்களே கூட்டிப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள் என்றும் சொல்வேன். மக்கள்தொகை நகர்ந்துகொண்டே இருப்பது, இந்தப் பொருத்தம் பத்தாண்டு தாங்காது. பள்ளியில் ஒரு பிள்ளை சேர்ந்து நாற்பத்தொன்று ஆனாலும் கணக்கு மாறும். கதையின் ஆண்டும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாற்றக்கூடாதவை ஆனது இதனால்தான்.

அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சிறுமி நிற்கிறாள். இரண்டாம் வகுப்பு. பாலைவனத்தின் நடுவில் விரித்த கைகளோடு, சுற்றிலும் யாரும் இடிக்காத சொகுசில் நிற்கிறாள். அவளை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டுப் பையனை அங்கே நிறுத்தினால் எண்ணிக்கை குலையாது. ஏழு ஏழாகவே இருக்கும், ஒன்று ஒன்றாகவே இருக்கும். பதின்மூன்று நாட்டுக்கு ஒரு பிள்ளை என்றால் அந்தப் பிள்ளை அவற்றில் எந்த ஊரில் காலூன்றினாலும் கணக்குக்குச் சம்மதம். நான்கு மீட்டர் எண்பது, இரண்டு மீட்டர் தொண்ணூறு. பையன் கயிற்றில் முடிச்சை எண்ணிப் பார்த்துத்தான் நிற்கிறான். நின்றதும் திரும்பி, அங்கே இப்போது மணி என்ன என்று கேட்கிறான். பள்ளியில் மணி பத்து. குவைத்தில் ஏழரை. மைதானத்தில் ஒன்றரை மீட்டருக்குச் சூரியன் ஒரு மணி நேரம் எடுக்கும் என்று ஐந்தாம் வகுப்பு கணக்குப் போட்டு, இரண்டு மணிக்குச் சற்று மேல் என்கிறது. கடிகாரமோ இரண்டரை மணி என்கிறது. எது சரி என்று அவர்களுக்குள் வழக்கு. இரண்டும் சரிதான், நம் கடிகாரம் நம் ஊருக்கு இல்லை, கிழக்கே உள்ள வேறொரு ரேகைக்கு ஓடுகிறது என்பதை டீச்சர் மறுநாள் பாடமாக வைத்துக்கொள்கிறாள்.

இடம் மாறிப்போன சிறுமிக்கு நியாயம் செய்யாமல் கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவனுடைய துக்கத்துக்கு இன்னொருத்தி தன் இடத்தைக் கொடுத்திருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை. அதனால் அவளையே கடைசியில் பேசவிட்டேன். இந்தியாவின் ஓரத்தில், மற்ற ஆறு பேர் முதுகுக்குப் பின்னால் வங்காள விரிகுடாவில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் சத்தம் போடுகிறாள்.

"டீச்சர், இங்க எடமே இல்ல. ஆஸ்திரேலியா காலியாத்தானே கீது, நான் அங்க போறேன்."

"கணக்குல வராதும்மா."

"அப்ப நீங்க இங்க வந்து நில்லுங்க டீச்சர், நான் விசில் ஊதறேன்."

டீச்சர் விசிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஏழாவது ஆளாக இந்தியாவுக்குள் போய் நிற்கிறாள்.